ஒரே ஒரு தடவை காதில் விழும் வரி

(வால்பாறையில் நடந்த நம் முன்னாள் மாணவர் கூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததில் பாதிப் பேருக்கு இன்னும் தலை சுற்றல் நிற்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் கனமான பேச்சு பேசப் போவதில்லை. நான் படித்தது பொறியியல். பிழைப்பும் அதில்தான். ஆனால் ஆறேழு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வானொலி நிலையத்தில் பகுதிநேர அறிவிப்பாளனாக இருந்தேன். நேயர்கள் போன் பண்ணிப் பேசுகிற ஒரு மணி நேர நேரடி நிகழ்ச்சி. அதற்குத் தொடக்க வரியும், ஒரு நேயருக்கும் அடுத்த நேயருக்கும் நடுவே சொல்கிற இணைப்பு வரியும் எழுதுவது என் வேலை. அதில் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

"வணக்கம் நேயர்களே என்று சொல்வதற்கு எழுதி வேறு வைக்கணுமா?" என்று என் அறைத்தோழன் அப்போதே கேட்டான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். எழுத வேண்டும் என்று எனக்குப் புத்தி வந்தது இந்த மலைப்பாதையால்தான்.

இந்த ஊரில் யானை நடமாட்டத்தை மக்களுக்குச் சொல்ல ஓர் ஏற்பாடு இருப்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் வனத்துறையோடு சேர்ந்து செய்தது. முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் யானை எங்கே நிற்கிறது என்று எழுத்து ஓடியது. பிறகு செல்போனில் குறுஞ்செய்தி வந்தது. எஸ்டேட் சாலை ஓரங்களில் சிவப்பு விளக்கு வைத்தார்கள்; பக்கத்தில் யானை இருந்தால் எரியும். இந்த மூன்றிலும் ஒரு பொது அம்சத்தைக் கவனியுங்கள். கேபிளில் ஓடுகிற எழுத்து திரும்பவும் வரும். குறுஞ்செய்தியை இன்னொரு தடவை எடுத்துப் படிக்கலாம். விளக்கு எரிந்துகொண்டே நிற்கும். நேரடி ஒலிபரப்பில் சொன்ன வரியோ, சொன்னதும் போய்விடும். கேட்டவர் அடுப்படியில் இருப்பார், இல்லை வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். "என்ன சொன்னான்?" என்று திரும்பிப் பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது. காகிதத்தில் படிப்பவர் புரியாவிட்டால் கண்ணை மேலே கொண்டுபோகலாம். காதுக்கு அந்த வசதி இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஓர் ஆடி மாத ஞாயிறு. நல்ல மழை. மலைப்பாதையில் ஓரிடத்தில் மண் சரிந்து, அதை அள்ளுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. மாலை ஆறு மணியோடு ஆழியாறு சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்திவிடப் போவதாகத் தகவல் வந்தது. பிற்பகல் நிகழ்ச்சி நடக்கிற நேரம். ஒரு நேயர் பேசி முடித்ததும், இணைப்பு வரியோடு சேர்த்து இப்படி வாசித்தேன்:

"பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை செல்லும் மலைப்பாதையில் மண் அகற்றும் பணி நடைபெறுவதால், ஆழியாறு சோதனைச் சாவடி வழியாக இன்று மாலை ஆறு மணிக்கு மேல் வாகனங்கள் அனுமதிக்கப்பட மாட்டா."

இலக்கண சுத்தமான வாக்கியம். தமிழாசிரியர் பார்த்தால் முழு மதிப்பெண் போடுவார். ஆனால் வரி முடிகிற இடத்தில் பாட்டின் தொடக்க இசையை ஏற்றினோம். ஒரு நொடி முந்திவிட்டது. கடைசிச் சொல்லான "மாட்டா" இசைக்குள் மூழ்கிப்போனது.

அடுத்த வாரம் ஒரு பெரியவர் போன் பண்ணினார். "ஏனுங்க தம்பி, ஆறு மணிக்கு மேல வண்டி விடுவாங்கன்னு நீங்க சொன்னதைக் கேட்டுத்தானுங்க நாங்க பொள்ளாச்சியிலயே காத்துட்டு இருந்தோம்" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கார அம்மாவைக் கூட்டிக்கொண்டு மலைக்குத் திரும்ப வேண்டியவர். ரேடியோவை நம்பி ஆறு மணி வரை பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, அப்புறம் ஜீப் பிடித்து ஆழியாறு போய், அங்கே திருப்பி அனுப்பப்பட்டு, ராத்திரி தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் கழித்திருக்கிறார்கள். அவர் திட்டவில்லை. "அடுத்த தடவை கொஞ்சம் வெவரமாச் சொல்லுங்க சாமி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்று இரவு அந்த வாக்கியத்தைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்தேன். இசையை முந்தி ஏற்றியது ஒரு தவறு. அது கை செய்த தவறு. அதைவிடப் பெரிய தவறு எழுத்தில் இருந்தது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "இல்லை" என்பதும், "மாட்டா" என்பதும் அந்த வினைக்கும் கடைசியில் வருகின்றன. "ஆறு மணிக்கு மேல் வாகனங்கள் அனுமதிக்கப்பட..." என்பது வரை கேட்டவர் மனசு, மீதியைத் தானாகவே "அனுமதிக்கப்படும்" என்று முடித்துக்கொள்ளும். ஒரே ஒரு சொல் விழுந்தால் அர்த்தம் அறைகுறையாகக்கூட நிற்காது, நேர் எதிராகத் திரும்பிவிடும். குக்கர் விசில் அடித்தாலும் இதே கதிதான். லாரி ஹாரன் அடித்தாலும் இதே கதிதான்.

"மாட்டா"வைச் சத்தமாகச் சொன்னால் போதும் என்று முதலில் நினைத்தேன். போதாது. எதிர்மறை வாலில் தொங்கவே கூடாது. தானே நிற்கிற ஒரு வினையில் விஷயத்தைச் சொல்ல வேண்டும். "அனுமதிக்கப்பட மாட்டா" என்பதற்கு "மூடுகிறார்கள்" என்று ஒரு சொல் இருக்கிறதே! பிறகு இப்படி மாற்றி எழுதினேன்:

"வால்பாறைக்கு மலை ஏறுறவங்க கொஞ்சம் கவனிங்க. இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆழியாறு செக்போஸ்ட்டை மூடுறாங்க. மலை ஏறணும்னா, ஆறு மணிக்குள்ள ஆழியாற்றைத் தாண்டிருங்க. ஆறு மணி ஆயிட்டா, இன்னைக்கு ராத்திரி பொள்ளாச்சியிலயே தங்கிருங்க."

இதில் எந்த வாக்கியம் காதில் விழாமல் போனாலும் மற்றது காப்பாற்றும். பாதியில் அறுந்தாலும் தலைகீழ் அர்த்தம் வராது. முதல் வாக்கியத்தில் தகவலே இல்லை என்பதையும் பாருங்கள். அது யாருக்கான செய்தி என்று மட்டும் சொல்கிறது. மலைக்குப் போகிறவர் காதை நீட்டுவார். அதன் பிறகுதான் சரக்கு. மண் அள்ளுகிற காரணத்தை எடுத்துவிட்டேன். காரணம் தெரியாவிட்டாலும் அந்தப் பெரியவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

நிகழ்ச்சியின் தொடக்க வரிக்கும் இதே கணக்குத்தான். அடையாள இசை ஓய்ந்து அறிவிப்பாளர் குரல் வந்ததும் நேயர் காது உடனே விஷயத்துக்குப் போகாது. யார் குரல், என்ன நிகழ்ச்சி என்று பழகிக்கொள்ள இரண்டு மூன்று நொடி எடுக்கும். அந்த நொடிகளில் முக்கியமானது எதையும் வைக்காதீர்கள். "வணக்கம்" என்ற சொல் அந்த வேலைக்குத்தான் இருக்கிறது. அடுத்து, இன்றைக்கு என்ன விஷயம் என்பது ஒரே வாக்கியத்தில். பிறகு வந்திருக்கும் விருந்தினர் யார் என்று அவர் பட்டங்களை விட்டுவிட்டு, அவர் செய்கிற வேலையால் சொல்ல வேண்டும். "இருபது வருஷம் இந்த மலைப்பாதையைப் பராமரிச்சவர்" என்றால் அது மனசில் நிற்கும். கடைசியாக, நேயர் எதைக் கேட்கலாம் என்று ஒரு மாதிரிக் கேள்வி. "உங்க சந்தேகங்களைக் கேளுங்க" என்றால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. "மழையில பிரேக் பிடிக்கலைன்னா என்ன செய்யறது, இந்த மாதிரி எது வேணாலும் கேளுங்க" என்றால் உடனே போன் அடிக்கும்.

டெலிபோன் எண் தனிக் கதை. எண்ணைச் சொல்லிவிட்டு "குறித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுவது எல்லோரும் செய்கிற பிழை. அதற்குள் எண் போய்விட்டது. முதலில் "பேனா எடுத்துக்கங்க" என்று சொல்லி, இன்னொரு வாக்கியம் பேசி, அவர் பேனா தேடுகிற நேரத்தை நிரப்பிவிட்டு, அப்புறம் எண்ணைச் சொல்ல வேண்டும். இலக்கங்களை ஒவ்வொன்றாகவே சொல்ல வேண்டும். "எழுபது" என்பதும் "எண்பது" என்பதும் இரைச்சலில் ஒன்றாகவே கேட்கும். "ஏழு பூஜ்யம்", "எட்டு பூஜ்யம்" என்றால் பிரித்து அறிய ஒரு வழி கிடைக்கிறது. கோவையின் குறியீட்டை 0, 4, 2, 2 என்று தனியே சொல்லி மூச்சு விட்டு, மீதியை இரண்டு துண்டாகச் சொல்வேன். எத்தனை தடவை சொன்னாலும் ஒரே இடத்தில் துண்டு போடணும். முதல் தடவை மூன்று மூன்றாகவும் அடுத்த தடவை இரண்டு இரண்டாகவும் சொன்னால், கேட்பவருக்கு அது இரண்டு எண்.

இனி இணைப்பு வரி. ஒரு நேயர் பேசி முடித்து அடுத்தவர் வரும் வரை பதினைந்து, இருபது நொடி. என் வாசிப்பு வேகத்தில் முப்பது சொல்லுக்குள் அடங்கும். அதற்குள் மூன்று வேலை நடக்கணும். போனவர் சொன்னதில் பயனுள்ள ஒன்றைத் திரும்பச் சொல்லணும். இப்போதுதான் ரேடியோவைப் போட்டவருக்கு இது என்ன நிகழ்ச்சி என்று தெரியணும். அடுத்தவரை அழைக்கணும்.

திரும்பச் சொல்வது மரியாதைக்காக மட்டுமில்லை. சாதாரண டெலிபோன் கம்பி ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைத்தான் கடத்தும். உயிரெழுத்து தப்பித்துவிடும். ஸ, ஷ, ஃப போன்ற ஓசைகளின் கூர்மை அதற்கு மேலே இருப்பதால் மழுங்கிப் போகும். "சாந்தி" பேசினால் "காந்தி"யோ என்று தோன்றும். ஷேக்கல்முடியிலிருந்து பேசுகிறவர் ஊர்ப் பெயர் அரைகுறையாகக் கேட்கும். நிலைய மைக்கில் முழு ஒலியும் போகிறது. அதனால் நேயர் சொன்ன பெயரையும் ஊரையும் அறிவிப்பாளர் ஒரு தடவை சொன்னால்தான் மற்றவர்களுக்கு அது சரியாகப் போய்ச் சேரும்.

"உங்க ரேடியோ சத்தத்தைக் கொறைச்சுக்கங்க" என்று அறிவிப்பாளர்கள் ஏன் கத்துகிறார்கள் என்று தம்பிமார்கள் கேட்கலாம். நேயர் வீட்டு ரேடியோவில் வரும் ஒலி அவர் போனுக்குள் போய், திரும்ப நிலையத்துக்கு வந்து, மறுபடி ரேடியோவில் வரும். சுற்றிச் சுற்றி ஊளையிடும். செயலி வழியாகக் கேட்கிறவர்களுக்கு வேறு தொல்லை. ஒலி சில நொடி தாமதமாக வரும். தன் குரலையே தாமதமாகக் கேட்டால் எப்பேர்ப்பட்டவருக்கும் நாக்கு குழறும். இதற்காகத்தான் நிலையத்துக்குள் நேயரின் குரலைக் கழித்துவிட்டு மற்ற ஒலியை மட்டும் அவருக்கு அனுப்புவார்கள். ஆனால் அவர் வீட்டு ரேடியோ நம் கையில் இல்லையே. அதனால் அந்த வரியும் எழுதிய தாளில் இருக்கணும். குற்றம் சொல்கிற தொனி இல்லாமல், "நீங்க பேசறது எல்லோருக்கும் தெளிவாக் கேக்கணும், பக்கத்து ரேடியோவை நிறுத்திருங்க" என்று.

கஷ்டமான இணைப்பு எது தெரியுங்களா? நேயர் தப்பான தகவல் சொல்லிவிட்டால் வருவது. ஒரு தடவை ஒருவர், "ராத்திரி ரோட்டுல ஆனை நின்னா, ஹெட்லைட்டை அடிச்சு ஹாரன் குடுத்தா ஓடிரும்" என்று நம்பிக்கையாகச் சொல்லி வைத்துவிட்டார். என் முதல் எண்ணம், "ஹெட்லைட் அடிச்சு ஹாரன் குடுக்கறது சரி இல்லீங்க" என்று சொல்வது. மறுபடி அதே வால் பிரச்சினை. ஹெட்லைட், ஹாரன் என்ற இரண்டு சொல்லும் இன்னொரு தடவை காதில் விழுந்து பதியும். "சரி இல்லீங்க" கரைந்துவிடும். நான் தப்பை உச்சரிக்காமல் சரியானதை மட்டும் சொன்னேன்: "ஆனையைப் பார்த்தா தூரத்துலயே வண்டியை நிறுத்துங்க. அது போறதுக்கு வழி விட்டுருங்க. அது பாதையை விட்டு இறங்கின பொறவு கிளம்புங்க." அந்த நேயரையும் அவமானப்படுத்தவில்லை. அச்சில் என்றால் மறுப்பு எழுதலாம், வாசகர் இரண்டையும் ஒப்பிடுவார். காது ஒப்பிடாது. கடைசியாகவும் அதிகமாகவும் விழுந்ததைப் பிடித்துக்கொள்ளும்.

மலைப் பகுதி அழைப்பு என்றால் பாதியில் அறுவதும் உண்டு. அந்த நேரத்தில் "ஹலோ... ஹலோ..." என்று ஐந்து தடவை கூப்பிடுவது பழக்கம். கேட்கிறவர் அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவார். இரண்டு தடவை கூப்பிட்டு, தயாராக வைத்த வரியைச் சொல்ல வேண்டும்: "ரொட்டிக்கடையிலிருந்து பேசினவரோட லைன் போயிருச்சு. அவர் கேட்க வந்தது மூடுபனியைப் பத்தி. அதுக்கு நம்ம விருந்தினர் பதில் சொல்வாரு." அழைப்பு அறுந்தாலும் கேள்வி அறுந்துபோகக் கூடாது. இதற்கு, அழைப்பைக் காற்றில் விடுவதற்கு முன்பே போன் எடுக்கிற தம்பி பெயர், ஊர், கேள்வி மூன்றையும் துண்டுச்சீட்டில் எழுதித் தர வேண்டும். என் இணைப்பு வரிகளில் பாதி, கோடிட்ட இடத்தை நிரப்புக மாதிரிதான் இருக்கும். ஊருக்கு ஓரிடம், கேள்விக்கு ஓரிடம். எழுதி வைப்பதால் பேச்சு செத்துப்போகும் என்பார்கள். எனக்கு நேர்ந்தது வேறு. வரி கையில் இருந்ததால்தான் நேயர் பேசும்போது அடுத்து என்ன சொல்வது என்று தவிக்காமல் அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க முடிந்தது.

எழுதிய வரி தேறுமா என்று எப்படிச் சோதிப்பது? எங்கள் வீட்டில் அம்மாதான் சோதனைக்கூடம். அவர் சமைத்துக்கொண்டிருக்கும்போது, முகத்தைப் பார்க்காமல் ஒரே தடவை சாதாரணக் குரலில் வாசிப்பேன். கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசுவேன். அப்புறம், "என்னம்மா சொன்னேன்?" என்பேன். அந்த "அனுமதிக்கப்பட மாட்டா" வரியைப் பின்னாளில் வாசித்துக் காட்டினபோது, "ஏதோ வால்பாறை ரோட்டுல வேலை நடக்குதுன்னு சொன்னே" என்றார். ஆறு மணி போயே போச்சு. "மூடுறாங்க" வரிக்கு, "ஆறு மணிக்குள்ள ஆழியாறு தாண்டணும்" என்றார். எனக்கு வேறு மதிப்பெண் வேண்டியதில்லை. காற்றில் போன பிறகும் ஒரு சோதனை உண்டு. நேயர்களின் முதல் கேள்வியைக் கவனியுங்கள். நீங்கள் ஏற்கெனவே சொன்னதையே இரண்டு மூன்று பேர் கேட்டால், தப்பு நேயர் மேல் இல்லை. உங்கள் வரி போய்ச் சேரவில்லை.

எல்லாவற்றையும் இப்படிச் சொல்லிவிட முடியுமா என்றால், முடியாது. ஏழு பஸ்களின் நேரத்தையோ, மருந்து அளவையோ ஒரு தடவை வாசித்துக் காதில் ஏற்ற எந்த எழுத்தாளராலும் ஆகாது. அதற்கு நோட்டீஸ் இருக்கிறது, குறுஞ்செய்தி இருக்கிறது. வானொலி பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி மட்டும் தரலாம். 1960களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏடிடி 27 என்ற புது நெல் ரகத்தைத் திருச்சி வானொலி பரப்பியது. விவசாயிகள் அதற்கு வைத்த பேர் "ரேடியோ நெல்". ஓர் எழுத்துக் குறியையும் எண்ணையும் எதற்குச் சுமப்பது என்று காது தனக்கு வேண்டிய பேரைத் தானே செய்துகொண்டது. அந்தப் பேரை நாமே முதலில் யோசித்துக் கொடுத்துவிட்டால் நல்லது.

இப்போது வாராவாரம் நிலையத்துக்குப் போவதில்லை. ஆனால் தொழிற்சாலையில் ஒலிபெருக்கி அறிவிப்பு எழுதினாலும், வேலை தொடங்கும் முன் ஆட்களுக்குப் பாதுகாப்பு விஷயம் சொன்னாலும், கடைசிச் சொல்லைக் கையால் மறைத்துப் பார்க்கிற பழக்கம் விடவில்லை. மறைத்த பிறகு அர்த்தம் தலைகீழானால் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். அந்தப் பெரியவர் மறுபடி போன் பண்ணவே இல்லை. பண்ணியிருந்தால் அந்த மாற்றி எழுதின நாலு வரியை அவருக்கு வாசித்துக் காட்டியிருப்பேன்.

சாயங்காலம் மலை இறங்குகிறவர்கள் கவனிங்க. சாப்பாடு ஒரு மணிக்கு. பஸ் மூன்று மணிக்கு. மூன்று மணிக்குள் ஏறி உட்கார்ந்துவிடுங்கள். இதை நான் ஒரு தடவைதான் சொல்லுவேன்!